தேநீர், காப்பியில் சேரும் சர்க்கரை: கணக்கிடலும் குறைத்தலும்

"இனிப்பே உண்பதில்லை, இருந்தும் சர்க்கரை அளவு குறையவில்லை" என்பவர்களிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது, ஒரு நாளில் எத்தனை முறை தேநீர், காப்பி அருந்துகிறீர்கள் என்பதே.

தலைதட்டிய ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரை உள்ளது. குவித்து எடுத்தால் 6 கிராம் வரை வரும். வீட்டில் மூன்று, கடையில் இரண்டு என ஐந்து முறை, ஒவ்வொன்றிலும் குவித்த இரண்டு கரண்டி எனில் நாளொன்றுக்கு 60 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம், 2000 கலோரி உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை எல்லா வகையிலும் சேர்ந்து 50 கிராமுக்குள், இயன்றால் 25 கிராமுக்குள் இருக்கப் பரிந்துரைக்கிறது.

இதை நேரில் காண, ஒரு நாள் முழுவதும் தேநீரில் இடும் அளவையே ஒரு காலித் தம்ளரிலும் இட்டு வாருங்கள். இரவில் அதைப் பார்த்தால் போதும்.

திடீரென நிறுத்தினால் பலரும் சில நாட்களில் பழைய அளவுக்கே திரும்புகின்றனர். எனவே முதலில் கரண்டியைத் தலைதட்டுங்கள். 60 கிராம் 40 ஆகிவிடும். இரண்டு வாரங்களுக்குப் பின் ஒன்றரைக் கரண்டி, பிறகு ஒன்று. நாக்கு இதற்குள் பழகிவிடும். கடையில், தேநீர் ஊற்றுமுன்பே அளவைச் சொல்லிவிடுங்கள். வெல்லமும் கருப்பட்டியும் தேனும் இதே கணக்கில்தான் சேரும்.

இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் சர்க்கரையைக் குறைக்கும்போது மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மருந்தளவை மாற்ற நேரிடலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் இக்கட்டுப்பாடு பொருந்தாது: விழுங்கும் நிலையில் இருப்பவருக்கு நான்கு தலைதட்டிய கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுக்கவும்.