ஒரே இரத்தம், இரண்டு விடைகள்: உண்ணி நோய்ச் சோதனைகளைப் புரிந்துகொள்ளுதல்

உண்ணியால் பரவும் நோய் இருக்கலாம் என்று ஐயுற்று நாயின் இரத்தத்தைச் சோதிக்கும்போது, கிட் சோதனையில் "இல்லை" என்றும், ஆய்வகத்திலிருந்து வரும் டி.என்.ஏ. அறிக்கையில் "உண்டு" என்றும் விடை கிடைப்பது உண்டு. சில வேளைகளில் இது தலைகீழாகவும் அமையும். இவற்றுள் எது தவறு என்று நாயை வளர்ப்போர் எங்களிடம் கேட்கின்றனர். பெரும்பாலும் இரண்டுமே தவறில்லை. இரண்டு சோதனைகளும் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன என்பதே உண்மை.

இந்நோய்கள் நம் மண்ணுக்குப் புதியவை அல்ல. 1910ஆம் ஆண்டில் பேட்டன் என்னும் ஆய்வாளர், சென்னையில் வேட்டைக்கு வளர்க்கப்பட்ட நாய்களின் சிவப்பணுக்களுக்குள் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். பின்னர் நரியின் இரத்தத்திலும் அதனைக் கண்டார். இன்று பபேசியா கிப்சோனி என்று வழங்கப்படுவது அதுவே. எர்லிக்கியா கேனிஸ் என்னும் மற்றொரு கிருமி வெள்ளணுக்களுக்குள் தங்கி வாழ்வது. வகையால் அது பாக்டீரியா எனினும், உண்ணியால் பரவுவதால் இரத்த ஒட்டுண்ணிகளோடு சேர்த்தே பேசப்படுகிறது.

இராமநாதபுரம், இராமேசுவரம் கரையில் ஆண்டு முழுதும் வெப்பம் நிலவுவதால் பழுப்பு நாய் உண்ணிக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்றில்லை. இரத்தம் குடித்து முடித்த உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலிலும் கீற்றுக் கூரையின் இடுக்கிலும் ஒளிந்து முட்டையிடுகிறது. ஆதலால் ஒருமுறை நோயுற்ற நாய் மீண்டும் நோயுறுவது இங்கு இயல்பு. சோதனை விடையின் பொருளை அறிந்திருத்தல் நமக்கு இன்றியமையாததாவதும் இதனால்தான்.

முதலில் கிட் சோதனையைப் பார்ப்போம். அது பெரும்பாலும் கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க நாயின் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. கடற்கரை மணலில் காலடித் தடத்தைக் காண்பது போன்றது இது. ஒருவர் வந்தார் என்பதைத் தடம் சொல்லும். இன்னும் இங்கே இருக்கிறாரா என்பதைச் சொல்லாது. எர்லிக்கியா உடலில் புகுந்தபின் எதிர்ப்பொருள் அளவிடத்தக்க நிலையை எட்ட ஒன்று முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். ஆகவே காய்ச்சலின் தொடக்க நாள்களில் "இல்லை" என்னும் விடை நோயை மறுப்பதாகாது. மறுபுறம், கிருமி நீங்கிய பின்னரும் எதிர்ப்பொருள் பல மாதங்கள், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்கும்.

பி.சி.ஆர். எனப்படும் டி.என்.ஏ. சோதனை, கிருமியின் மரபுப்பொருளையே தேடுகிறது. "உண்டு" என்றால், எடுத்த இரத்தத்தில் அக்கிருமியின் டி.என்.ஏ. அப்போது இருந்தது என்று பொருள். எந்த இனம் என்பதையும் அதனால் பிரித்தறிய இயலும். எனினும் இதற்கும் எல்லை உண்டு. கிருமி மண்ணீரலிலோ எலும்பு மச்சையிலோ ஒதுங்கியிருக்க, இரத்தத்தில் மிகக் குறைவாகவே உலவுமானால் விடை "இல்லை" என வரலாம். மருந்து தொடங்கிச் சில நாள்கள் கழித்து எடுத்த இரத்தத்திலும் அவ்வாறே நேரும்.

ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகப் பார்ப்போம். தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் வளரும் 15 கிலோ எடையுள்ள நாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாள்களாக உணவு கொள்ளவில்லை. உடல் வெப்பம் 104.5 டிகிரி பாரன்ஹீட். இரத்தத் தட்டணுக்கள் 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியவை 45,000ஆகக் குறைந்துள்ளன. கிட் சோதனையில் "இல்லை" என்று வருகிறது. நுண்ணோக்கியிலும் எதுவும் புலப்படவில்லை. இந்நிலையில் கிட்டின் விடையை நம்பி நாயை வீட்டுக்கு அனுப்புவது ஆபத்தாகும்.

மருத்துவர் மருந்து தொடங்குமுன் ஈ.டி.டி.ஏ. குழாயில் இரத்தம் எடுத்து, குளிர்ந்த பெட்டியில், பனிக்கட்டியை நேரே தொடாதவாறு வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். விடைக்காகக் காத்திராமல், கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் தொடங்குகிறார். எர்லிக்கியாவின் டி.என்.ஏ. உண்டு என்று ஆய்வக அறிக்கை வருகிறது. மருந்து 28 நாள்கள் தொடர்கிறது.

மூன்றாம் வாரத்தில் தட்டணுக்கள் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டன. நாய் நன்றாக உண்கிறது. ஆனால் இப்போது செய்த கிட் சோதனை "உண்டு" என்கிறது. மருந்து பலிக்கவில்லையோ என்று வீட்டார் அஞ்சுகின்றனர். உண்மையில் முதல் நாளில் போதிய அளவு உண்டாகாதிருந்த எதிர்ப்பொருள் இப்போதுதான் நிறைந்துள்ளது. நோய் தணிந்ததா என்பதைத் தட்டணுக்களின் எண்ணிக்கையும் நாயின் நிலையுமே இங்கு சொல்கின்றன.

மருந்து முடிந்து இரண்டு வாரங்கள் கழித்து பி.சி.ஆர். செய்யப்படுகிறது. "இல்லை" என்று வந்தால் அது நல்ல செய்தி. கிருமி ஒதுங்கியிருக்க வாய்ப்புண்டு என்பதால், ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து மற்றொரு முறை சோதிப்பது உறுதி தரும். "உண்டு" என்று வந்தாலோ மருந்தை மீண்டும் தொடர வேண்டியிருக்கும். ஆறு மாதம் கழித்து வேறொரு காரணத்துக்காகச் செய்த கிட் சோதனை "உண்டு" என்று காட்டக்கூடும். நாய் நலமாகவும் தட்டணுக்கள் இயல்பாகவும் இருப்பின், அவ்விடைக்காக மட்டும் மருந்து கொடுத்தல் வேண்டா.

அதே வீட்டில் நலமாகத் தோன்றும் இரண்டாவது நாய்க்கும் கிட் "உண்டு" என்று காட்டினால் என் செய்வது? அது பழைய தடமாக இருக்கலாம். அறிகுறியின்றி உள்ளே தங்கியிருக்கும் நோயாகவும் இருக்கலாம். எர்லிக்கியா இவ்வாறு பல மாதங்கள் மறைந்திருந்து பின்னர் எலும்பு மச்சையைத் தாக்கவல்லது. எனவே அந்நாய்க்கு இரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து, பி.சி.ஆர். செய்தபின் முடிவெடுத்தலே முறை.

கிருமி பபேசியா கிப்சோனியாக இருந்தால் நிலை வேறு. ஈறுகள் வெளுத்தலும் சிறுநீர் கருத்தலும் அதன் அறிகுறிகள். டாக்ஸிசைக்ளின் மட்டும் அதனைத் தீர்ப்பதில்லை; அட்டோவாகுவோன், அசித்ரோமைசின் என்னும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தரவேண்டி வரும். மருத்துவமனைகளில் வழங்கும் பல கிட்களில் பபேசியாவுக்கான சோதனையே இடம்பெறுவதில்லை. அத்தகைய கிட்டில் "இல்லை" என்னும் விடை பபேசியாவைப் பற்றி எதுவும் கூறவில்லை என்று கொள்க.

ஆகவே அறிக்கையைக் கையில் பெறும்போது மூன்று செய்திகளைக் கேட்டறிவீர்: சோதித்தது எதிர்ப்பொருளா, டி.என்.ஏ.வா? எந்தெந்தக் கிருமிகளுக்கு? இரத்தம் எடுத்தது மருந்துக்கு முன்னா, பின்னா? காய்ச்சல் தொடங்கிய நாளையும் கொடுத்த மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பழைய அறிக்கைகளோடு கொண்டு வாருங்கள். அவ்விவரங்கள் இன்றி, "உண்டு", "இல்லை" என்னும் சொல்லை மட்டும் கொண்டு நாங்கள் முடிவுரைத்தல் இயலாது.