கட்டுரையின் அடியில் மூன்று வரி

தினமணியின் தலையங்கப் பக்கக் கட்டுரை முடியும் இடத்தில் ‘கட்டுரையாளர்: பேராசிரியர்’ என்று ஒற்றை வரி நிற்கும். இந்து தமிழ் திசையின் நடுப்பக்கத்தில் பணியோடு, ‘தொடர்புக்கு’ என்று மின்னஞ்சல் முகவரியும் வரும். கட்டுரையைப் படித்து முடித்தவர் ‘யார் இவர், இதைச் சொல்ல இவருக்கு என்ன தெரியும்?’ என்று தேடிப் பார்க்கும் இடம் அதுதான். வெளியிலிருந்து எழுதும் விருந்தினருக்கு அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகவே வரும். வாரந்தோறும் எழுதுபவரை வாசகருக்குப் பழக்கம். விருந்தினரை இன்றுதான் பார்க்கிறார்.

பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், ஏரி மதகுகள் ஏன் பழுதாகின்றன என்று ஒரு கட்டுரை எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் அனுப்பும் குறிப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘சிறந்த சிந்தனையாளர், கவிஞர், சமூக ஆர்வலர். பல விருதுகள் பெற்றவர். 12 நூல்களின் ஆசிரியர்.’ இதில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால், மதகைப் பற்றி அவர் சொல்வதை நம்ப இதில் ஒரு காரணமும் இல்லை. ‘சிறந்த’, ‘பல’ ஆகியவற்றைச் சரிபார்க்க வழியில்லை. 12 நூல்களும் கவிதை நூல்கள் என்றால், இந்தக் கட்டுரைக்கு அவை சாட்சி ஆகா.

அதே மனிதரின் வாழ்க்கையிலிருந்து வேறு மூன்று செய்திகளை எடுத்தால் குறிப்பே மாறிவிடுகிறது: ‘கட்டுரையாளர், பொதுப்பணித் துறையில் உதவி செயற்பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். செங்கல்பட்டுப் பகுதி ஏரிகளில் மதகு, கலங்கல் சீரமைப்புப் பணிகளை 18 ஆண்டுகள் மேற்பார்வையிட்டவர். தற்போது ஏரிப் பணிகளை ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனம் ஒன்றுக்கு ஆலோசகர்.’ பதவி, இடம், காலம் மூன்றும் விசாரித்து அறியக்கூடியவை. புகழ்மொழி ஒன்றுகூட இல்லாமலேயே வாசகருக்கு நம்பிக்கை வருகிறது. இவரே நாளை மாடித் தோட்டம் பற்றி எழுதினால் இந்தக் குறிப்பு உதவாது. அதற்குப் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

கடைசி வாக்கியத்தைப் பலரும் எழுதத் தயங்குவார்கள். ஒப்பந்த நிறுவனத்தோடு உள்ள உறவைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்ற அச்சம். நடப்பது நேர்மாறானது. அவர் மறைத்ததை வாசகர் பிறகு வேறு வழியில் அறிந்தால் கட்டுரையில் இருந்த நல்ல பொறியியலும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். 2011இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட ‘தி கான்வர்சேஷன்’ இதழ், கல்வியாளர்கள் எழுதும் கட்டுரைகளோடு அவர்களுடைய நிதி, நிறுவனத் தொடர்புகளைத் தனி அறிக்கையாகவே தருகிறது.

அடுத்து இணைப்பு. நிறுவனத்தின் முகப்புப் பக்கம், ஃபேஸ்புக், யூடியூப், வாட்ஸ்அப் எண் என்று நான்கையும் கொடுத்தால் மூன்று வரிக் குறிப்பு விளம்பரத் துண்டாகிவிடும். ஒன்று போதும். அது கட்டுரையின் பொருளோடு தொடர்புடைய பக்கமாக இருப்பது நல்லது. நம் பொறியாளர் மதகுகளின் படங்களோடு எழுதிய களக் குறிப்புகள் எங்காவது இருந்தால் அந்தப் பக்கத்தைத்தான் கொடுக்க வேண்டும். இணைப்பு தாங்கும் சொற்கள் ‘மதகு சீரமைப்புக் களக் குறிப்புகள்’ என்று, போய்ச் சேரும் இடத்தைச் சொல்லட்டும். ‘சென்னையின் சிறந்த ஏரி சீரமைப்பு நிறுவனம்’ என்று எழுதுவது தேடுபொறியை ஏமாற்றப் பார்க்கும் வேலை. கூகுள் நிறுவனத்தின் மேட் கட்ஸ் 2014 ஜனவரியிலேயே இந்த வழக்கத்தைக் கண்டித்து எழுதினார். இணைப்புக்காகவே பல தளங்களில் விருந்தினர் கட்டுரைகளைப் பரப்புவது விதிமீறல் என்று கூகுள் 2017இல் மீண்டும் எச்சரித்தது. காசு வாங்கிக்கொண்டு வெளியிடும் கட்டுரையானால், இணைப்பில் `rel="sponsored"` என்ற குறியீட்டை இடவேண்டியது வெளியிடுபவரின் பொறுப்பு.

நல்ல இணைப்பும் காலப்போக்கில் செத்துப்போகும். கல்லூரியை விட்டு ஆசிரியர் விலகினால் அவருடைய பக்கத்தையும் கல்லூரி நீக்கிவிடலாம். ஆய்வாளர்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு: 2012 முதல் வழங்கப்படும் ஆர்கிட் எனும் 16 இலக்க அடையாள எண். வேலை மாறினாலும் எண் மாறாது. மற்றவர்களுக்குச் சொந்தப் பெயரில் வாங்கிய இணைய முகவரி ஏறக்குறைய அதே பயனைத் தரும், ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டிருந்தால்.

அச்சு இதழில் சொடுக்க முடியாது என்பதால் கையால் தட்டச்சு செய்யக்கூடிய சிறிய முகவரியோ கியூஆர் குறியீடோ தேவை. கைப்பேசி எண்ணை அச்சிடுவதைவிட, இதற்கென்றே தொடங்கிய மின்னஞ்சல் பாதுகாப்பானது. ஆசிரியருக்கு அனுப்புமுன் இணைப்பை வேறொருவர் கைப்பேசியில் திறந்து பார்ப்பது அவசியம். கூகுள் டிரைவில் உள்ள கோப்பு தன் கைப்பேசியில் சரியாகத் திறக்கும். பகிர்வு அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால் மற்றவர்களிடம் அனுமதி கேட்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும்.