இஸ்திரிப் பெட்டிக்குள் குனியும் பட்டை

இஸ்திரிப் பெட்டியைச் செருகிய சில நிமிடங்களில் உள்ளேயிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். விளக்கு அணையும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி ‘டக்’, விளக்கு எரியும். பழைய பெட்டி ஒன்றின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், அந்தச் சத்தத்துக்குக் காரணமானது விரல் நீளம்கூட இல்லாத ஓர் உலோகப் பட்டை என்பது தெரியும். அதன் ஒரு முனை திருகில் இறுகியிருக்கும். மறுமுனை காண்டாக்ட் புள்ளியைத் தொட்டுக்கொண்டிருக்கும். பட்டையின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பினால் மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு கோடுகள் ஒட்டிக் கிடக்கும். இதுதான் ஈருலோகப் பட்டை.

கடிகாரக்காரர்களுக்கு இது பழைய பொருள். 18ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் தம்முடைய H3 என்னும் கடற்பயணக் கடிகாரத்தில் பித்தளையையும் எஃகையும் ரிவெட் அடித்துச் சேர்த்து இப்படியொரு பட்டையை வைத்தார். வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் கடிகாரம் நேரம் தவறாமலிருக்க அது உதவியது. ஆனால் பட்டை எவ்வளவு வளையும், உள்ளே என்ன பாடுபடும் என்பதற்கு இன்றும் எல்லோரும் கையாளும் தெளிவான கணக்கை 1925இல் வெளியிட்டவர், அமெரிக்காவில் குடியேறிய பொறியியலாளர் ஸ்டீபன் திமோஷென்கோ.

அந்தக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். 50 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டை. தடிமனில் பாதி பித்தளை, பாதி இன்வார். இன்வார் என்பது 36 சதவீதம் நிக்கல் கலந்த இரும்பு. சூட்டுக்கு அசைந்துகொடுக்காத உலோகம். பட்டை முழுவதும் ஒரே சீராக 100 டிகிரி செல்சியஸ் சூடேறுகிறது. தனித்தனியாக இருந்திருந்தால் பித்தளைத் துண்டு 0.095 மில்லிமீட்டர் நீண்டிருக்கும், இன்வார் 0.005 மில்லிமீட்டர்தான். வித்தியாசம் 0.09 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன்.

ஆனால் இரண்டும் ஒட்டியிருக்கின்றன. நீள விரும்பும் பித்தளை வெளிவட்டத்தை எடுத்துக்கொள்ள, இன்வார் உள்வட்டத்துக்குப் போகிறது. ஓட்டப்பந்தயத் தடத்தில் வெளிப்பாதை நீளமாக இருப்பது போலத்தான். இப்படி மட்டும் யோசித்தால் கணக்கு எளிது. இரண்டு அடுக்குகளின் நடுக்கோடுகளுக்கு இடையே அரை மில்லிமீட்டர் தூரம். நீள வித்தியாசம் ஆயிரத்துக்கு 1.8 பங்கு. 0.5ஐ 0.0018ஆல் வகுத்தால் வளைவின் ஆரம் ஏறத்தாழ 278 மில்லிமீட்டர் என்று வரும்.

இந்த விடை தவறு. ஒவ்வோர் அடுக்கும் தனக்கென ஒரு விறைப்பு கொண்டது. வளைக்கப்படுவதை அது எதிர்க்கும். அதனால் பித்தளை முழுதாக நீள முடியாமல் கொஞ்சம் அமுங்குகிறது. இன்வார் கொஞ்சம் இழுபடுகிறது. வெளியிலிருந்து யாரும் பட்டையைத் தள்ளவோ இழுக்கவோ இல்லை. ஆகவே பித்தளையை அமுக்கும் விசையும் இன்வாரை இழுக்கும் விசையும் சமமாகத்தான் இருக்க வேண்டும். இந்த இரு விசைகளும் சேர்ந்து உண்டாக்கும் திருப்பமும், இரு அடுக்குகளையும் வளைக்கத் தேவையான திருப்பமும் ஒன்றுக்கொன்று ஈடாக வேண்டும். ஒட்டிய பரப்பில் இரண்டின் நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். திமோஷென்கோ இந்த மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துத் தீர்த்தார். இரு அடுக்கும் சம தடிமன், சம விறைப்பு என்றால் விடை இவ்வளவுதான்:

1/R = 3 × Δα × ΔT / (2h)

R என்பது வளைவு ஆரம், h மொத்தத் தடிமன், Δα ஒரு டிகிரிக்கான விரிவு வித்தியாசம், ΔT வெப்பநிலை உயர்வு. நம் பட்டைக்கு ஆரம் 370 மில்லிமீட்டர். அதாவது நீள வித்தியாசத்தில் முக்கால் பங்கு வளைவாக வெளியே தெரிகிறது; மீதிக் கால் பங்கு, அமுங்கலும் இழுபடலுமாக உள்ளேயே தங்கிவிடுகிறது. அப்படியிருந்தும் பட்டையின் முனை 3.4 மில்லிமீட்டர் நகர்கிறது. தாளின் தடிமன் அளவு வித்தியாசம், கண்ணுக்குத் தெரியும் அசைவாக 37 மடங்கு பெருகிவிட்டது.

உண்மையில் இன்வார் பித்தளையைவிட விறைப்பானது, சுமார் 1.4 மடங்கு. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வளைவு ஒரு சதவீதம்கூட மாறுவதில்லை. வளைவைத் தீர்மானிப்பவை விரிவு வித்தியாசமும் தடிமனும்தான்.

உள்ளே தங்கிய அந்தக் கால் பங்கு லேசான விஷயமல்ல. சராசரி விறைப்பாக 120 கிகாபாஸ்கல் வைத்துக்கொண்டால், ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள விசை 135 நியூட்டன் என்று வருகிறது. விரல் நீளம்கூட இல்லாத பட்டைக்குள் கிட்டத்தட்ட 14 கிலோ எடையின் இழுப்பு! இதோடு வளைவதால் வரும் தகைவும் சேர்கிறது. ஒட்டிய பரப்பை ஒட்டிப் பித்தளையில் 108 மெகாபாஸ்கல் அமுக்கம். அதே இடத்தில் இன்வாரில் 108 மெகாபாஸ்கல் இழுப்பு. பித்தளையின் வெளிப்பரப்புக்குப் போனால் நிலைமை தலைகீழ்: அங்கே 54 மெகாபாஸ்கல் இழுப்பு. ஒரே அடுக்கின் ஒரு பக்கம் அமுங்க, மறுபக்கம் இழுபடுகிறது.

அப்படியானால் இரண்டு உலோகங்களும் பட்டையின் நீளம் நெடுகிலும் ஒன்றின்மேல் ஒன்று நழுவப் பார்க்கின்றன என்றுதான் எவருக்கும் தோன்றும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. பட்டையின் நடுப்பகுதியில் ஒரு சிறு துண்டு இன்வாரை எடுத்துக்கொண்டால், அதன் இடப்பக்கம் 135 நியூட்டன் இழுப்பு, வலப்பக்கமும் 135 நியூட்டன் இழுப்பு. அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் அந்த இடத்தில் ஒட்டு எதையும் தாங்க வேண்டியதில்லை. முனையில்தான் சிக்கல். அங்கே உலோகம் முடிந்துவிடுகிறது. பிடித்து இழுக்க எதுவுமில்லை, விசை பூஜ்யம். முனையிலிருந்து ஏறத்தாழ பட்டையின் தடிமன் அளவு தூரத்துக்குள் அது பூஜ்யத்திலிருந்து 135 நியூட்டனுக்கு ஏறியாக வேண்டும். அவ்வளவையும் அந்தக் குறுகிய இடத்தில் ஒட்டு மட்டுமே கடத்துகிறது. ஈருலோகப் பட்டை பிரிந்தால் முனையிலிருந்தே பிரியத் தொடங்குவது இதனால்தான். பழுது பார்ப்பவர் பூதக்கண்ணாடியால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த விளிம்பு; மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் ஒட்டு விட்டுவிட்டது என்று பொருள்.

இன்னொரு கோளாறு சத்தமில்லாமல் வருவது. சூடு அளவு மீறினால் ஒட்டிய பரப்பை ஒட்டியுள்ள பித்தளை நிரந்தரமாக உருமாறிவிடும். ஆறிய பிறகும் பட்டை நேராவதில்லை. கழற்றி ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, நடுவிலோ ஓரத்திலோ அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். அப்படி வளைந்துபோன பட்டை, குமிழைப் பருத்தியில் வைத்தாலும் வேறொரு சூட்டில்தான் மின்சாரத்தைத் துண்டிக்கும். இன்வாருக்கும் ஓர் எல்லை உண்டு. சுமார் 200 டிகிரிக்கு மேல் அதுவும் மற்ற உலோகங்களைப் போல விரியத் தொடங்கும். வித்தியாசம் குறைய, ஒவ்வொரு டிகிரிக்கும் கிடைக்கும் வளைவும் குறையும்.

பட்டையை வடிவமைப்பவருக்கு இந்தக் கணக்கு ஒரு வசதியைத் தருகிறது. ஒட்டிய பரப்பை ஒட்டி வரும் அந்த 108 மெகாபாஸ்கலில் பட்டையின் நீளமும் இல்லை, தடிமனும் இல்லை. தடிமனைப் பாதியாக்கினால் வளைவு இரட்டிக்கும். நீளத்தை இரட்டித்தால் முனை நான்கு மடங்கு நகரும். உலோகத்தின் மேல் விழும் தகைவு இரண்டிலும் அதேதான்.