‘மறுபடி பற’ என்றால் பதில் சொல்

மலையாளப் படத்தில் காவல் நிலையக் காட்சி வந்தால், இந்த வரியோ இதன் சாயலில் ஒரு வரியோ காதில் விழும். மேசைக்குப் பின்னால் ஆய்வாளர். எதிரே தலைகுனிந்து நிற்கும் ஓர் இளைஞன். ஆய்வாளர் அதட்டுகிறார்: “சோதிச்சதினு மறுபடி பற!”

மூன்றே சொற்கள். மூன்றும் நம் சொற்கள் போலவே இருக்கின்றன. சோதித்ததற்கு மறுபடியும் பற என்று தமிழ்க் காது கோத்துக்கொள்ளும். யாரும் யாரையும் சோதிக்கவில்லை, பறக்கவும் சொல்லவில்லை. ஆய்வாளர் சொன்னது இவ்வளவுதான்: “கேட்டதுக்குப் பதில் சொல்!”

தெரியாத சொல் வந்தால் கண் தானாகவே திரையின் அடியில் ஓடும் வரிகளைத் தேடும். தெரிந்த சொல் போல ஒன்று வந்தால் தேடாது. ‘இது நமக்குப் புரிகிறதே’ என்று காதை நம்பி நடிகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மலையாளம் நம்மை வழிதவற வைப்பது அந்த இடத்தில்தான். அதனால் இந்த ஒரு வரியையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன். மற்ற பல சொற்களுக்கும் இதிலேயே வழி இருக்கிறது.

‘சோதிக்குக’ என்றால் மலையாளத்தில் கேள்வி கேட்பது. ‘சோத்யம்’ என்றால் கேள்வி. நம்முடைய ‘சோதனை’யும் அதுவும் ஒரே சொல்லிலிருந்து பிரிந்தவை என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. இரண்டும் வடமொழியில் வெவ்வேறு வேர்கள். நமது சோதனை ‘சோதனா’ என்ற, தூய்மைப்படுத்தி ஆராய்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மலையாளச் ‘சோத்யம்’ எழுப்பத்தக்க வினாவைக் குறிக்கும் வேறொரு சொல். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘சோ’, ஒரே ‘த’ என்பதால் நமக்கு ஒன்றாகிவிட்டன. மலையாள எழுத்தில் அவை தனித்தனி. அவர்களுக்கும் சோதனை உண்டு, அதை ‘பரிசோதன’ என்கிறார்கள். படத்தில் அந்தச் சொல் வந்தால் நீங்கள் நினைக்கும் பொருள்தான்.

‘மறுபடி’யின் கதை வேறு. இது இரண்டு மொழிக்கும் பொதுவான சொத்து. ‘மறு’ என்பதற்குத் தமிழிலேயே இரண்டு முகங்கள் உண்டு. மறுநாள், மறுபிறவி என்னும்போது ‘அடுத்த’, ‘இன்னொரு’ என்று பொருள். மறுமொழி என்னும்போது ‘திரும்பத் தருவது’ என்று பொருள். ‘மறுபடி’யில் நாம் முதல் முகத்தை எடுத்துக்கொண்டோம், மலையாளிகள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். 1993-இல் பாலு மகேந்திரா எடுத்த ‘மறுபடியும்’ படத்தின் தலைப்பை ஒரு மலையாளியிடம் சொன்னால், ‘பதிலும்’ என்றுதான் அவருக்கு முதலில் கேட்கும்.

மூன்றாவது, ‘பற’. மலையாளப் படம் பார்க்கும் தமிழர் ஒரே ஒரு சொல்லைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன். ‘பறயுக’ என்றால் சொல்வது. பறவை பறப்பதற்கு அவர்களிடம் ‘பறக்குக’ இருக்கிறது. நடுவில் வரும் அந்த ‘க்க’வைப் பிடித்துக்கொண்டால் போதும். பறயுந்நு என்றால் சொல்கிறது, பறக்குந்நு என்றால் பறக்கிறது. இறந்த காலத்தில் ‘பறஞ்ஞு’ என்றால் சொன்னது, ‘பறந்நு’ என்றால் பறந்தது. சொல்வது என்ற பொருள் தமிழுக்கும் அந்நியமில்லை. யாழ்ப்பாணத் தமிழில் பறைதல் என்றால் பேசுதல். நாம்தான் ‘சொல்’லைப் பிடித்துக்கொண்டு ‘பறை’யைக் கொட்டும் கருவிக்கு மட்டும் விட்டுவிட்டோம்.

ஆக, இந்த ஒரு வரியில் மூன்று விதமான ஏமாற்றம். சோதிச்சதில் வேர்களே வேறு. மறுபடியில் வேர் ஒன்று, எடுத்துக்கொண்ட முகம் வேறு. பறவில் அவர்கள் வைத்துக்கொண்டதை நாம் கைவிட்டோம்.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் நம் பழைய வீட்டுச் சாமான் பக்கத்து வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருப்பதைப் பார்க்கலாம். ‘கரயல்லே மோளே’ என்று ஒரு தாய் மகளின் கண்ணைத் துடைப்பாள். கரைந்துபோகாதே என்று நமக்குக் கேட்கும். அழாதே என்பதுதான் பொருள். சர்க்கரை கரைவதும் ஆற்றுக் கரையும்தான் இன்று நம் நினைவுக்கு வரும். ஆனால் காகம் ‘கரைகிறது’ என்று பள்ளியில் நாமும் படித்திருக்கிறோம். குரல் எடுத்து அழைப்பது என்ற பழைய பொருளைத் தமிழ் காகத்தோடு நிறுத்திக்கொண்டது. மலையாளத்தில் அது மனிதரின் அழுகையானது.

‘பனி’யும் அப்படித்தான். ‘எனிக்கு பனியாணு’ என்று பாத்திரம் போர்வையை இழுத்துக்கொண்டால், அவருக்குக் காய்ச்சல். வெளியே பனி பெய்யவில்லை. பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள் உண்டு. குளிர்க்காய்ச்சலில் நடுங்கியவரைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொடர்பைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

இங்கே காதுக்கு ஒரு வேலை இருக்கிறது. ‘எனிக்கு பணியுண்டு’ என்றால் வேலை இருக்கிறது என்று பொருள், அது நம் பணியேதான். ‘பணி கிட்டும்’ என்றால் வேலை கிடைக்கும் என்று மகிழ வேண்டாம். பேச்சு வழக்கில் அதற்கு ‘நன்றாக மாட்டிக்கொள்வாய்’ என்று பொருள். காய்ச்சலுக்கு றன்னகர ‘ன’, வேலைக்கு டண்ணகர ‘ண’. நம் எழுத்தில் இரண்டும் இருந்தும் நம்மில் பலர் பேசும்போது அந்த வேறுபாட்டை மழுக்கிவிட்டோம். மலையாளிகள் வேகமாகப் பேசும்போதுகூட அதை விடுவதில்லை. அதனால் பேசுபவரைவிடக் கேட்பவருக்குத்தான் சிரமம்.

ல, ள விஷயமும் இதேதான். 2022-இல் டொவினோ தாமஸ் நடித்து வந்த ‘தல்லுமால’ படத்தின் பெயரைக் கேட்டதும் தள்ளுமுள்ளு என்று நினைத்தவர்கள் உண்டு. ‘தல்லு’ என்றால் அடி, அடிதடி. ‘மால’ என்றால் மாலை. சண்டைகளைப் பூப்போல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்த மாலை, படமும் அப்படியே. நம்முடைய ‘தள்ளு’ அவர்களிடமும் ‘தள்ளு’தான், ளகரத்தோடு. இளைஞர் பேச்சில் அதற்கு இன்னொரு பொருளும் ஏறியிருக்கிறது: இல்லாததை அளந்துவிடுவது. ‘அவன் தள்ளாணு’ என்றால் நாம் ‘பீலா விடுறான்’ என்போமே, அது.

மனநிலையைச் சொல்லும் சொற்களில் தவறினால் பாத்திரத்தையே தவறாகப் புரிந்துகொள்வோம். ‘எனிக்கு விஷமமாயி’ என்று ஒருவர் குரல் தழுதழுக்கச் சொல்வார். விஷமம் என்றால் நமக்குக் குறும்பு, இல்லையென்றால் கெடுமதி. அவருக்கோ வருத்தம், மனக்கஷ்டம். இந்தச் சொல்லுக்கும் நஞ்சுக்கும் தொடர்பில்லை. வி, சமம் என்று பிரியும் வடமொழிச் சொல் இது. சமமில்லாதது, மேடுபள்ளமானது என்று பொருள். நடப்பதற்குக் கஷ்டமான பாதை, தாங்குவதற்குக் கஷ்டமான மனம் என்று மலையாளம் போயிற்று. நேர்மையில்லாத நடத்தை என்று தமிழ் போயிற்று.

‘பேடி’ இன்னும் கவனிக்க வேண்டியது. ‘எனிக்கு பேடியாணு’ என்று ஒரு குழந்தை அப்பாவைக் கட்டிக்கொள்ளும். தமிழில் ஆண்மகனை நோக்கி வீசும் வசைச்சொல் அது. அங்கே வெறும் பயம். ‘பேடிக்கண்டா’ என்றால் பயப்பட வேண்டாம், அவ்வளவே. கூடவே வரும் ‘ஆணு’வும் ஆண்பிள்ளையைக் குறிப்பதல்ல. ‘ஆகும்’, ‘இருக்கிறது’ என்று வாக்கியத்தை முடித்துவைக்கும் சொல் அது.

‘வெறுதே’ வந்தால் யாரோ யாரையோ வெறுத்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். வெறுமனே, சும்மா என்பதுதான் பொருள். 2008-இல் ஜெயராமும் கோபிகாவும் நடித்து ‘வெறுதே ஒரு பார்ய’ வந்தது. வெறுத்துப்போன மனைவியின் கதை என்று தலைப்பு நமக்குச் சொல்லும். மலையாளிக்கு அது ‘சும்மா ஒரு மனைவி’. இரவும் பகலும் உழைத்தும் வீட்டில் கணக்கில் வராதவள். தலைப்பில் வெறுப்பு இல்லை, அலட்சியம் இருக்கிறது. படம் பேசுவது அந்த அலட்சியத்தைத்தான்.

‘வெள்ளம்’ தண்ணீர் என்பது நம்மில் பலருக்கு இப்போது தெரியும். ஊரை மூழ்கடிக்கும் வெள்ளத்தை அவர்கள் ‘வெள்ளப்பொக்கம்’, ‘ப்ரளயம்’ என்பார்கள். பேச்சில் வெள்ளம் மதுவையும் குறிக்கும். ஜெயசூர்யா குடிநோயாளியாக நடித்து 2021-இல் வந்த ‘வெள்ளம்’ அந்தப் பொருளில் வைத்த பெயர்.

இனி திரும்பவும் காவல் நிலையத்துக்கு. ஆய்வாளர் முதலில் ‘தன்டெ பேரெந்தா?’ என்று கேட்டிருப்பார். தன்னுடைய பெயர் என்ன என்று கேட்கிறாரே, தன் பெயரே மறந்துவிட்டதா என்று நமக்குத் தோன்றும். தமிழில் ‘தான்’ என்பது படர்க்கை. மலையாள உரையாடலில் அது பெரும்பாலும் முன்னிலை, எதிரே நிற்கும் ஆள். ‘நீ’க்குச் சற்று மேலே, ‘நிங்ஙள்’ என்பதற்குக் கீழே அதன் இடம். சமமானவரிடமும் தனக்குக் கீழுள்ளவரிடமும் சொல்லலாம், பெரியவரிடம் சொன்னால் மரியாதைக் குறைவு. விசாரணை சூடேறும்போது ஆய்வாளர் ‘தான்’ என்பதை விட்டு ‘நீ’ என்பார், அடுத்து ‘எடா’ என்பார். ஆங்கிலத்தில் ஓடும் வரிகளில் தானும் நீயும் ஒரே சொல்லாகத்தான் வரும். அறையின் காற்று மாறிய நொடியைப் பிடிக்க இந்தச் சொல்லைக் காதால் கேட்டால்தான் முடியும்.

இளைஞன் பதில் சொல்லும்போது இன்னொரு சிக்கல். ‘வந்நு, பறஞ்ஞு, போயி’ என்கிறான். வந்து, சொல்லி என்று இன்னும் ஏதோ வரப்போவதாகத் தமிழ்க் காது காத்திருக்கும். ஒன்றும் வராது. அவை அங்கே முற்றுகள்: வந்தான், சொன்னான், போனான். வந்தேன், சொன்னேன் என்றும் இருக்கலாம். வந்தாள் என்றும் இருக்கலாம். மலையாள வினை தன் முடிவில் ஆளைக் காட்டாது. நம்முடைய ஏன், ஆய், ஆன், ஆள் எல்லாவற்றையும் அது கழற்றி வைத்துவிட்டது. எழுவாயையும் விட்டுவிட்டால், செய்தது யார் என்பது முன் வாக்கியத்தில்தான் இருக்கும். துப்பறியும் படங்களில் நமக்கு ஏதோ ஓர் இழை விட்டுப்போவதற்கு இது பெரிய காரணம்.

எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தும் வேறாகிற ஒரு தலைப்போடு முடிக்கிறேன். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. 2023-இல் திரையரங்குக்கு வந்தது. தமிழர் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டாத தலைப்பு. ஆனால் மயக்கம் என்றதும் நமக்குத் தலைசுற்றல் வரும், நினைவு தப்புவது வரும், காதல் கிறக்கம் வரும். மலையாளத்தில் மயங்குவது என்றால் முதலில் கண்ணயர்வது. மதிய உணவுக்குப் பிறகு போடும் குட்டித் தூக்கத்துக்கு அங்கே ‘உச்சமயக்கம்’ என்றே பெயர். படத்தில் வேளாங்கண்ணி போய்விட்டுத் திரும்பும் வண்டியில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார்கள். மம்மூட்டியின் ஜேம்ஸ் விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் சுந்தரமாக நடந்துபோகிறான். மலையாளி அந்த வண்டித் தூக்கத்தில் தலைப்பைக் கண்டுகொள்கிறான். நாம் ஜேம்ஸ் இறங்கி நடக்கும்போது கண்டுகொள்கிறோம்.