கை சுடுகிறது, வாளி சுடவில்லை

மொட்டை மாடியில் சோலார் ஹீட்டரைப் பார்க்க வரும் பிளம்பர் முதலில் செய்கிற காரியம், பேனலின் மேல் முனையிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயைத் தொட்டுப் பார்ப்பதுதான். வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டால், “பேனல் நல்லாத்தாங்க இருக்கு, தண்ணி காயுது” என்பார். கீழே குளியலறையில் இரண்டு பேர் குளித்ததும் தண்ணீர் பச்சைத் தண்ணீராகிவிடுகிறது என்று வீட்டுக்காரர் முறையிடுவார். இருவர் சொல்வதும் உண்மைதான். பேனலிலிருந்து வெளிவரும் தண்ணீரின் சூடு வேறு, பேனல் சம்பாதித்துத் தரும் வெப்பம் வேறு.

கண்ணாடி மூடிய தட்டையான பெட்டி, உள்ளே கறுப்புப் பூச்சுள்ள தகடு, அதோடு ஒட்டிய செப்புக் குழாய்கள், முதுகுப்புறம் வெப்பம் வெளியேறாமல் தடுக்க ராக்வூல். தகடு வகை ஹீட்டர் இவ்வளவுதான். நாளைக்கு 100 லிட்டர் தரும் ஹீட்டரில் ஏறக்குறைய 2 சதுர மீட்டர் பேனல் ஒன்று இருக்கும். மோட்டார் கிடையாது. காய்ந்த தண்ணீர் லேசாகி மேலே தொட்டிக்கு ஏறும், தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த தண்ணீர் பேனலின் கீழ் முனைக்கு இறங்கும்.

இந்தப் பெட்டியின் வரவு செலவை ஒழுங்காகக் கணக்கிட்டவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த ஹாய்ட் ஹாட்டல். 1939-இல் அங்கே சூரிய வெப்பத்தில் இயங்கும் ஆராய்ச்சி வீடு ஒன்று கட்டப்பட்டது. அதன் கூரைப் பேனல்களை அளந்து பார்த்து, வோர்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து 1942-இல் ஹாட்டல் கட்டுரை எழுதினார். 1950களில் ஆஸ்டின் வில்லியர் அந்தக் கணக்கைக் கையாள எளிதாக்கினார். இன்றும் பொறியியல் கல்லூரிகளில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்:

```
Qu = A × FR × [ S − UL × (Ti − Ta) ]
To = Ti + Qu / (m × Cp)
```

மிரள வேண்டாம். S என்பது வரவு, அதாவது ஒரு சதுர மீட்டர் தகடு உள்வாங்கும் வெயில். கண்ணாடியில் விழுவது முழுவதும் தகட்டுக்குப் போய்ச் சேராது. சதுர மீட்டருக்கு 800 வாட் வெயில் அடித்தால், கண்ணாடி கொஞ்சத்தைத் தடுத்து, தகடு கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிய பிறகு 660 வாட் போல மிஞ்சும். UL என்பது செலவு விகிதம். வெளிக்காற்றைவிடத் தகடு ஒரு டிகிரி கூடுதல் சூடாக இருந்தால், சதுர மீட்டருக்கு எத்தனை வாட் நழுவிப் போகிறது என்பதை அது சொல்கிறது. நல்ல பூச்சுள்ள பேனலில் இது 5 வாட் அளவில் இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. செலவைத் தீர்மானிப்பது தகட்டின் சூடு. மூடிய பெட்டிக்குள் இருக்கும் தகட்டை யார் அளப்பது? கைக்கு எட்டுவது உள்ளே நுழையும் தண்ணீரின் சூடு மட்டுமே (Ti). அதையும் வெளிக்காற்றின் சூட்டையும் (Ta) வைத்தே இழப்பைக் கணக்கிட்டுவிட்டு, தகடு உண்மையில் தண்ணீரைவிடச் சூடானது என்பதற்காக விடையிலிருந்து ஒரு பங்கைக் கழித்துக்கொள்கிறார்கள். அந்தத் திருத்தம்தான் FR. இந்தக் கணக்கிலேயே சாமர்த்தியமான இடம் இதுதான். FR ஒருபோதும் ஒன்றைத் தாண்டாது. தண்ணீர் தாராளமாக ஓடினால் உயரும், ஓட்டம் குறைந்தால் சரியும்.

கோயம்புத்தூரில் ஒரு மாடியை எடுத்துக்கொள்வோம். காலை பத்தரை மணி, காற்றும் 25 டிகிரி, தொட்டித் தண்ணீரும் 25 டிகிரி. பேனலில் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் ஓடுகிறது என்றால் FR 0.88 வரும். தண்ணீருக்கும் காற்றுக்கும் வித்தியாசம் இல்லாததால் அடைப்புக்குறிக்குள் கழிக்க ஒன்றுமில்லை. 2 × 0.88 × 660, ஏறக்குறைய 1,160 வாட். அந்த ஓட்டத்தில் ஒரு டிகிரி ஏற்ற 105 வாட் தேவை. ஆகவே தண்ணீர் 11 டிகிரி ஏறி 36-இல் வெளியே வரும். தொட்டால் வெதுவெதுப்புதான்! ஆனாலும் அன்றைக்கு அந்தப் பேனல் மிக நன்றாக உழைக்கும் நேரங்களில் அதுவும் ஒன்று.

மதியம் ஒரு மணிக்குத் தொட்டி 55 டிகிரிக்கு வந்துவிட்டது, காற்று 30 டிகிரி, வெயில் அதேதான் என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி வித்தியாசத்துக்கு 125 வாட் இழப்பு. மிஞ்சுவது 535. பயனாவது 940 வாட் அளவு, தண்ணீர் வெளிவருவது 64 டிகிரியில். குழாய் இப்போது சுடும், சம்பாத்தியமோ காலையைவிடக் குறைவு.

அதே மதியம் ஊட்டியில் காற்று 12 டிகிரியாக இருந்தால் இழப்பு 215 வாட்டுக்கு எகிறும், பயன் 780 வாட்டுக்கு இறங்கும். வெயில் குறையாமலே இவ்வளவு குறைகிறது.

இனி பிளம்பர் தொட்டுப் பார்த்த குழாய்க்கு வருவோம். உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில், தண்ணீர் காயக் காய செப்புக் குழாய்களின் உட்சுவரில் சுண்ணாம்புப் படிவு ஏறும். ஓட்டம் ஒன்றரை லிட்டரிலிருந்து நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டராகச் சுருங்கிவிட்டது என்று கொள்வோம். காலை பத்தரை மணிக் கணக்கை மறுபடி போட்டால் FR 0.67-க்கு விழுகிறது. பயன் 890 வாட், நாலில் ஒரு பங்கு போயிற்று. ஆனால் வெளிவரும் தண்ணீரோ, ஏட்டுக் கணக்குப்படி, 89 டிகிரி! கொஞ்சமாக ஓடும் தண்ணீர் தகட்டோடு நெடுநேரம் தங்கிக் கொதிநிலைக்கு அருகே போகிறது. தகடும் சேர்ந்து சூடேறி, வெப்பத்தைக் கண்ணாடி வழியாக வெளியே விடுகிறது. (அவ்வளவு சூட்டில் இழப்பு விகிதமே கூடும் என்பதால் நிஜத்தில் 89-க்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். கையைச் சுடுவதற்கு அது போதும்.)

முழுவதும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? வரவும் செலவும் சமமாகும் வரை தகடு காயும். 660-ஐ 5-ஆல் வகுத்தால் 132. காற்றின் 30 டிகிரியைச் சேர்த்தால் தகடு 160 டிகிரியை நெருங்கும், தொட்டிக்கு ஒரு சொட்டு வெந்நீரும் போகாது. கறுப்புப் பூச்சும் ரப்பர் பட்டைகளும் கெடத் தொடங்குவது இப்படிப்பட்ட நாட்களில்தான்.

ஆக, பேனல் உழைக்கிறதா என்று அறியத் தொட்டியைத்தான் கேட்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் 25-லிருந்து 60 டிகிரிக்கு ஏற 4 யூனிட் வெப்பம் வேண்டும். பேனல் சராசரி ஒரு கிலோவாட் தந்தால் நாலு மணி நேர நல்ல வெயிலில் அது கிடைத்துவிடும். சரியாக ஓடும் ஹீட்டரில் அதற்குள் தொட்டித் தண்ணீர் மூன்று தடவைக்கு மேல் பேனலைச் சுற்றி வந்திருக்கும். படிவு ஏறியதில் 50 லிட்டர்கூடச் சுற்றியிருக்காது. மேல்பாதி கொதிக்கும், கீழ்ப்பாதி அப்படியே கிடக்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். மேகமில்லாத ஒரு நாளில் மாலை வரை வெந்நீர்க் குழாயைத் திறக்காதீர்கள். பிறகு 15 லிட்டர் வாளியில் அடுத்தடுத்து நாலு வாளி பிடித்துத் தெர்மாமீட்டரை வையுங்கள். நாலாவது வாளியும் முதல் வாளியை ஒட்டியே இருந்தால் பேனலில் ஓட்டம் சரி. முதல் வாளி கொதித்து நாலாவது வெதுவெதுப்பாக வந்தால், புதுப் பேனல் வாங்குமுன் படிவு நீக்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.