காதலனுக்கு இந்தி, காதலிக்குத் தமிழ்: தாளில் எப்படிக் காட்டுவது?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பார்க்கிறாள் செல்வி. அங்கே அயர்ன் போடும் மனோஜ், பீகாரிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஒருவருக்கொருவர் பிடித்துவிட்டது. டீ இடைவேளையில் இருவரும் முதன்முறையாகத் தனியாகப் பேசும் காட்சியை எழுத உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சினிமாவில் இது சுலபம். பாலசந்தரின் 'மரோ சரித்ரா'வில் (1978) தமிழ்ப் பையனும் தெலுங்குப் பெண்ணும் பேசும்போது, வார்த்தை புரியாத இடத்தில் முகம் கைகொடுத்தது. தாளில் எழுத்து மட்டும்தான். அதனால் முதலில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: இந்தக் காட்சியை வாசகர் யாருடைய காது வழியாகக் கேட்கப் போகிறார்?

செல்வியின் காது என்றால், அவளுக்குப் புரியாதது வாசகருக்கும் புரியக் கூடாது. பல கதைகள் இங்கேதான் சறுக்குகின்றன. மனோஜ் இந்தியில் ஒரு வரி பேசியதும், அடைப்புக்குறிக்குள் அதன் பொருள் வந்துவிடும். வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிட, செல்வி மட்டும் விழித்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய தவிப்பு வாசகரைத் தொடாது.

சரி, பொருளை விட்டுவிட்டு இந்தியை மட்டும் அப்படியே எழுதலாமா? தாமஸ் மன் 1924-ல் வெளியிட்ட 'மேஜிக் மவுண்டன்' என்ற ஜெர்மன் நாவலில், நாயகன் ஒரு ரஷ்யப் பெண்ணிடம் மனம் திறக்கும் நீண்ட உரையாடலின் பெரும்பகுதி பிரெஞ்சில்தான் இருக்கிறது. அன்று படித்த ஜெர்மானியர் பலருக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் அது செல்லுபடியானது. நமக்கோ எழுத்தே தடை. சாப்பிட்டாயா என்று மனோஜ் கேட்பதைத் தமிழ் எழுத்தில் போட்டால் "கானா காயா?" என்று வரும். வாசகருக்குக் கானா பாட்டும் கத்தரிக்காயும்தான் நினைவுக்கு வரும். இந்தியின் நான்கு விதமான 'க' ஒலிகளுக்கும் நம்மிடம் ஒரே எழுத்துதானே!

இதைவிட, செல்வி பிடித்துக்கொண்டதை மட்டும் எழுதுவது மேல்:

அவன் என்னவோ கேட்டான். கேள்வி என்பது மட்டும் தெரிந்தது. அவள் விழிக்கவும், கையிலிருந்த டிபன் பாக்ஸைத் தட்டிக் காட்டினான்.
"ஓ, அதுவா? ஆச்சுங்க. உங்களுக்கு?"
இப்போது அவன் விழித்தான்.

இதில் ஓர் இந்திச் சொல்கூட இல்லை. ஆனால் இரண்டு மொழிகள் இருப்பது தெரிகிறது.

அடுத்த அத்தியாயம் மனோஜின் பார்வைக்கு மாறினால் கணக்கும் மாறும். ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் பேசும்போது அவன் தடுமாறுவதில்லை, அது அவன் மொழி. அதைச் சரளமான, எந்த ஊர் வாடையும் இல்லாத பேச்சுத் தமிழில் எழுதலாம். செல்வி பேசுவது கொங்குத் தமிழ். அவளிடம் அவன் பேசுவது அரைகுறைத் தமிழ். இந்த மூன்றும் கலக்காமல் பார்த்துக்கொண்டால், "என்று இந்தியில் சொன்னான்" என்பதை வரிக்கு வரி போட வேண்டியிருக்காது. ஆனால் இந்தியைக் காட்டுவதற்காகச் செந்தமிழுக்குத் தாவினால், டப்பிங் சீரியல் வாடை அடித்துவிடும்.

அரைகுறைத் தமிழுக்கும் ஒழுங்கு உண்டு. கண்டபடி உடைத்தால் மனோஜ் கோமாளியாகிவிடுவான். அவன் எங்கே தவறுவான் என்பதை அவன் தாய்மொழி சொல்லும். கேட்பவரைச் சேர்த்துச் சொல்ல 'நாம', விலக்கிச் சொல்ல 'நாங்க' என்று தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. இந்தியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆகவே அவன் இப்படிக் கேட்கலாம்:

"ஞாயித்துக்கிழமை நாங்க சினிமா போலாம்?"
"போங்களே. யார் யார் போறீங்க?"
அவன் அவளைக் காட்டினான். பிறகு தன்னைக் காட்டினான்.

இந்தப் பிழை சிரிக்க வைப்பதற்காக வந்ததல்ல. அவளை அழைக்கத் துணிந்த வாக்கியமே அவளை வெளியே நிறுத்திவிட்டது. காட்சி நகர்வது அதனால்தான். இப்படி வேலை செய்கிற பிழை ஒன்றிரண்டு போதும். மற்ற இடங்களில் சின்னச் சின்ன வாக்கியங்களாக அவனைப் பேச விடுங்கள்.

எழுதி முடித்ததும், யார் எந்த மொழியில் பேசினார் என்று சொல்லும் சொற்களையெல்லாம் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். குழம்பினால், குழம்பிய இடத்தில் மட்டும் ஒன்றைத் திரும்பப் போடுங்கள். பிறகு செல்வி எவ்வளவு புரிந்துகொண்டாள் என்று வரிசையாகக் குறித்துப் பாருங்கள். டிபன் பாக்ஸைக் காட்டினால்தான் புரிந்தது என்ற நிலையில் இருந்தவள், அடுத்த பக்கத்திலேயே அவன் குடும்பக் கதை முழுவதையும் தெரிந்துவைத்திருந்தால், இடையில் ஒரு காட்சியை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.