உளுந்துக்கு டிஏபி கரைசல்: ஒரு டேங்குக்கு எவ்வளவு?

நெல் அறுவடைக்குப் பின் தரிசில் விதைத்த உளுந்துக்கு மண்ணில் உரம் இடுவது எளிதல்ல. எஞ்சியிருக்கும் ஈரத்தை நம்பியே பயிர் வளர்கிறது; மேலே தூவிய உரம் கரைந்து வேருக்கு இறங்கத் தண்ணீர் இருக்காது. அதனால்தான் அந்தப் பயிருக்கு டிஏபியை இலைவழியாகக் கொடுக்கிறார்கள். பூக்கும் தருணத்தில் ஒரு முறை, அதிலிருந்து 15 நாள் கழித்து இன்னொரு முறை, 2 சதவீதக் கரைசல் என்பது பரிந்துரை. ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி, 200 லிட்டர் தெளிப்பு நீர் என்று துண்டுப் பிரசுரங்களில் அச்சிட்டிருக்கும். ஆனால் முதுகில் மாட்டிக்கொள்ளும் டேங்க் 16 லிட்டர்தான் கொள்ளும். வயலும் ஒரு ஏக்கர் சரியாக இருப்பதில்லை. 200 லிட்டரை டேங்க் கணக்குக்குக் கொண்டுவரும்போதுதான் தவறு நுழைகிறது.

முதலில் சதவீதத்தைப் பார்க்கலாம். ஒரு சதவீதம் என்றால் லிட்டருக்கு 10 கிராம். 2 சதவீதம் என்றால் லிட்டருக்கு 20 கிராம். பஞ்சகவ்யம் போன்ற திரவமானால் இதே கணக்கு மில்லியில் வரும். 3 சதவீதம் என்பது லிட்டருக்கு 30 மில்லி. லிட்டருக்கான அளவை டேங்கின் கொள்ளளவால் பெருக்கினால் ஒரு டேங்குக்கானது கிடைத்துவிடும். 16 லிட்டர் டேங்குக்கு 320 கிராம் டிஏபி, அல்லது 480 மில்லி பஞ்சகவ்யம். இதுவரை சிக்கல் ஒன்றுமில்லை.

ஒரு டேங்க் எத்தனை சென்ட் ஓடும் என்பதைத்தான் பெரும்பாலோர் குத்துமதிப்பாக விட்டுவிடுகிறார்கள். இதைப் பிரசுரம் சொல்ல முடியாது. அடிக்கும் ஆளின் நடை, நாசிலின் துவாரம், பம்ப் அடிக்கும் வேகம் ஆகியவைதான் இதை முடிவு செய்கின்றன. அளந்து பார்க்க அரை மணி நேரம் போதும். வயலில் 22 அடிக்கு 20 அடி இடத்தைக் குச்சி நட்டுக் குறித்தால் அது ஏறக்குறைய ஒரு சென்ட். டேங்கில் 5 லிட்டர் வெறும் தண்ணீர் ஊற்றி, வழக்கமான நடையில், இலைகள் சீராக நனையும்படி அந்த இடத்தை மட்டும் அடிக்க வேண்டும். இலை நுனியிலிருந்து நீர் சொட்டினால் அதிகமாக அடிக்கிறார்கள் என்று பொருள். பிறகு மீதமிருப்பதை லிட்டர் குவளையால் அளந்தால் செலவானது தெரியும். 3 லிட்டர் மீந்திருந்தால் சென்டுக்கு 2 லிட்டர் போயிருக்கிறது. ஏக்கருக்கு 200 லிட்டர். அப்படியானால் 16 லிட்டர் டேங்க் 8 சென்டுக்கு வரும்.

35 சென்ட் உளுந்து வயல் ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்கை ஓட்டிப் பார்க்கலாம். சென்டுக்கு 2 லிட்டர் வீதம் மொத்தம் 70 லிட்டர் தெளிப்பு நீர் தேவை. லிட்டருக்கு 20 கிராம் வீதம் டிஏபி 1 கிலோ 400 கிராம். நான்கு டேங்க் முழுதாகவும், ஐந்தாவதில் 6 லிட்டரும் போகும். டிஏபியை நேராக டேங்கில் கொட்டக் கூடாது. குருணையில் கரையாத கசடு உண்டு, அது நாசிலை அடைத்துவிடும். முந்தின நாள் இரவே 4 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் கலக்கிவிட்டுத் தெளியவிட வேண்டும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடித்து எடுக்க வேண்டும். கசடைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தெளிவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வடித்த கரைசலை அப்படியே டேங்குகளுக்குப் பங்கிட்டால் கணக்கு பின்னம் பின்னமாக வரும். அதைத் தண்ணீர் சேர்த்து 7 லிட்டராக்கிக்கொண்டால் வேலை சுலபம். 70 லிட்டருக்கானது 7 லிட்டரில் அடங்கியிருப்பதால், ஒரு லிட்டர் தெளிப்பு நீருக்கு 100 மில்லி கரைசல். முழு டேங்குக்கு 1 லிட்டர் 600 மில்லி, கடைசி 6 லிட்டருக்கு 600 மில்லி. நான்கு முழு டேங்குக்கு 6 லிட்டர் 400 மில்லி, கடைசிக்கு 600 மில்லி என்று 7 லிட்டரும் கணக்காகத் தீரும். எந்தப் பரப்பானாலும் மொத்தத் தெளிப்பு நீரில் பத்தில் ஒரு பங்காகக் கரைசலை வைத்துக்கொண்டால் இதே 100 மில்லி கணக்கு பொருந்தும். பாட்டில் மூடியால் அளப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். மூடிகள் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை.

டேங்கில் முதலில் பாதி தண்ணீர், அதன்பின் கரைசல், பிறகு குறி வரை தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கலக்குவது முறை. காலி டேங்கில் கரைசலை முதலில் ஊற்றினால் அது அடியில் தங்கி நேராகக் குழாய்க்குள் போய்விடும். முதல் இரண்டு வரிசைக்குக் கெட்டியாகவும் பின்னால் வெறும் தண்ணீராகவும் விழும். இரண்டு மூன்று நாளில் அந்த வரிசைகளில் மட்டும் இலை ஓரம் கருகித் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

வேகமாக நடப்பவருக்குச் சென்டுக்கு ஒன்றரை லிட்டர்தான் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு 150 லிட்டர். 'ஏக்கருக்கு 4 கிலோ' என்பதைப் பிடித்துக்கொண்டு 4 கிலோவையும் அந்த 150 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 27 கிராம் நெருங்கிவிடும். 100 லிட்டரில் முடிப்பவருக்கு அது 40 கிராம், பரிந்துரையைப் போல் இரு மடங்கு. இலை தாங்குவது கரைசலின் கெட்டியைப் பொறுத்தது. ஏக்கர் கணக்கு அதற்குத் தெரியாது. எனவே இலைவழி உரத்தில் லிட்டருக்கு 20 கிராம் என்பதை மாற்றக் கூடாது. ஏக்கருக்கு 3 கிலோ போனால் பயிருக்குச் சத்து கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முழுதாகப் போக வேண்டுமானால் நடையைக் குறைத்து நீரைக் கூட்ட வேண்டும். பூச்சிமருந்தில் நிலைமை வேறு. அங்கே ஏக்கருக்கான மருந்தளவு குறைந்தால் பூச்சி தப்பிவிடும். இரண்டுக்கும் ஒரே கணக்கைப் போடுவதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல.

அதேபோல, ஒரே நடையில் வேலை முடியட்டும் என்று டிஏபி கரைசலோடு துத்தநாக சல்பேட்டைக் கலப்பதும் வேண்டாம். இரண்டும் வினைபுரிந்து வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். சுண்ணாம்பு மிகுந்த போர்வெல் தண்ணீரிலும் கரைசல் கலங்கலாம். ஒரு குவளையில் கலந்து பார்த்துவிட்டு டேங்கில் ஊற்றுவது நல்லது. வெயில் தாழ்ந்த பிறகு மாலையில் தெளிக்க வேண்டும்.

போட்ட கணக்கு சரியா என்பதை வயலே காட்டும். ஒவ்வொரு 8 சென்டுக்கும் வரப்போரம் ஒரு குச்சி நட்டுவைத்தால், டேங்க் தீரும் இடமும் குச்சியும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். 6 சென்டிலேயே தீர்ந்தால் நடை தளர்ந்திருக்கிறது அல்லது நாசில் தேய்ந்து துவாரம் பெரிதாகியிருக்கிறது. குச்சியைத் தாண்டியும் மீந்தால் நாசில் அடைத்திருக்கலாம், பேட்டரி டேங்கானால் சார்ஜ் இறங்கியிருக்கலாம். மீந்த கரைசலை அடித்த செடி மேலேயே மறுபடி அடித்துத் தீர்ப்பது கருகலை வரவழைக்கும். தண்ணீர் சேர்த்து வேறு பயிரின் வேரில் ஊற்றிவிடலாம். நாசில் மாற்றினாலும், அடிக்கும் ஆள் மாறினாலும், பயிர் வளர்ந்து அடர்ந்தாலும் அந்த ஒரு சென்டை மறுபடி வெறும் தண்ணீரில் அளந்துவிட்டுத்தான் உரத்தை எடை போட வேண்டும்.